"போன தடவை வாங்கின மாத்திரை கொடுங்கள்": மருந்துக்கடையில் புதிதாக நிற்பவர்களுக்கு

டி.பார்ம் படித்து முடித்தவர்கள் பதிவு செய்துகொள்வதற்கு முன் 500 மணி நேரம் நடைமுறைப் பயிற்சி பெற வேண்டும். அதில் குறைந்தது 250 மணி நேரம் சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுப்பதில் செலவாக வேண்டும். அந்தப் பயிற்சிக்காகத் தாராவியில் எங்கள் கடைக்கு வரும் பிள்ளைகள் மருத்துவர்களின் கையெழுத்தைப் படிக்க முடியுமா என்றுதான் முதலில் பயப்படுகிறார்கள். ஓரிரு வாரங்களில் அது பழகிவிடும். பழகுவதற்கு நாளாகும் வாடிக்கையாளர் வேறொருவர். அவர் கையில் சீட்டு இருக்காது, மாத்திரை அட்டை இருக்காது. வந்து நின்று, "போன தடவை வாங்கின மாத்திரையைக் கொடுங்கள்" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்வார். அந்த வாக்கியத்தை எப்படிக் கையாள்வது என்பதை, எங்கள் கடையில் ஒரு மாலையில் நடந்ததை வைத்தே இங்கே எழுதுகிறேன். யாரென்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

முதலில் அந்த வாக்கியத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். "போன தடவை" என்று வாடிக்கையாளர் சொல்லும்போது அவர் மனத்தில் இருப்பது உங்கள் கடையில் கடைசியாக வாங்கிய நாளாக இருக்கலாம். வேறு கடையில் வாங்கிய நாளாக இருக்கலாம். மருத்துவரைக் கடைசியாகப் பார்த்த நாளாக இருக்கலாம். நேற்று இரவு நோயாளி விழுங்கிய மாத்திரையாகவும் இருக்கலாம். இவை எல்லாம் ஒரே மாத்திரையாக இருக்கும் நாட்கள்தான் அதிகம் என்பதால், அவை வேறாக இருக்கும் நாளில் நாம் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். எனவே, அவர் எந்தத் தடவையைச் சொல்கிறார் என்பதையும், அந்தத் தடவைக்கும் இன்றைக்கும் நடுவில் எதுவும் மாறியிருக்கிறதா என்பதையும் கண்டுபிடிப்பதுதான் நம் வேலை. அலமாரியிலிருந்து மருந்தை எடுப்பது அதற்குப் பிறகுதான்.

முதல் படி: யாருக்கு, எதற்கு

அது ஆகஸ்ட் 21ஆம் தேதி மாலை, ஏழு மணி இருக்கும். முப்பது வயதைக் கடந்த ஒரு பெண் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், இரண்டு தலைமுறையாக இங்கே இருப்பவர்கள்.

"அண்ணாச்சி, போன தடவை வாங்கின சுகர் மாத்திரையில் ரெண்டு பத்தா கொடுங்கள்."

அட்டையைப் பத்தா என்றும் மாத்திரையைக் கோலி என்றும் சொல்வது மும்பைக்கு வந்தவர்களின் நாக்கில் இந்தியிலிருந்து ஒட்டிக்கொள்ளும் பழக்கம். ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வந்திருப்பவர்கள் இந்தச் சொற்களைக் கேட்டுக் குழம்ப வேண்டாம்.

"உங்களுக்கா, வீட்டில் வேறு யாருக்காவதா, அம்மா?"

"எங்கள் மாமாவுக்கு. மாமனாருக்கு."

இந்தக் கேள்வியைத் தவறாமல் கேட்க வேண்டும். எங்கள் பகுதியில் ஒரே கைபேசி எண்ணில் கணவன், மனைவி, மாமனார், மாமியார் என்று நான்கு பேருடைய பில்லும் இருக்கும். "சுகர் மாத்திரை" என்று தேடினால் மாமியாருடையதும் வரும், மாமனாருடையதும் வரும். மாமனாருக்கு 68 வயது என்று அந்தப் பெண் சொன்னார். வயதைக் கேட்டு வைத்துக்கொள்வதும் நல்லது. சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகள் வயதானவர்களிடத்தில், அதிலும் சிறுநீரகம் சற்றுத் தளர்ந்தவர்களிடத்தில், எதிர்பார்த்ததை விட அதிகமாக இறக்கிவிடும்.

இரண்டாம் படி: கணினியில் பாருங்கள், ஆனால் அதிலேயே நின்றுவிடாதீர்கள்

கைபேசி எண்ணைத் தட்டியதும் பில் வந்தது. ஜூலை 8ஆம் தேதி, கிளிமெபிரைடு 1 மி.கி., மெட்ஃபார்மின் 500 மி.கி. சேர்ந்த மாத்திரை, பதினைந்து கொண்ட அட்டை இரண்டு, ஆக 30 மாத்திரை. கடையில் பேச்சு வழக்கில் இதை "எம் ஒன்று" என்போம். பெயரின் கடைசியில் நிற்கும் அந்த 1 கிளிமெபிரைடின் அளவைக் குறிக்கிறது. "எம் இரண்டு" என்றால் மெட்ஃபார்மின் அதே 500தான், கிளிமெபிரைடு மட்டும் இரட்டிப்பு. இந்தச் சேர்மானத்தில் சர்க்கரையைத் தாழ்நிலைக்குத் தள்ளக்கூடியது கிளிமெபிரைடுதான். மெட்ஃபார்மின் தனியாக அப்படிச் செய்வது அரிது. ஆகவே அந்தச் சிறிய எண்ணைப் படிக்காமல் விடுவது மருந்தையே மாற்றிக் கொடுப்பதற்குச் சமம். சில நிறுவனங்கள் எம் என்பதற்குப் பதில் வேறு எழுத்துகளைப் போடுவார்கள். மெட்ஃபார்மின் 1000 ஆக இருந்தால் "ஃபோர்ட்" என்று சேர்ப்பதும் உண்டு. அதனால் வணிகப் பெயரைப் படிப்பதோடு நிறுத்தாமல், அட்டையின் பின்புறத்தில் உள்ள சேர்மானத்தைப் படிப்பதையே வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

பில் கிடைத்துவிட்டது, மருந்தும் அலமாரியில் இருக்கிறது. புதியவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். கணினி காட்டுவது நாம் எதை விற்றோம் என்பதை மட்டுமே. அவர் எதைச் சாப்பிட்டார் என்பதோ, இன்று எதைச் சாப்பிட வேண்டும் என்பதோ அதற்குத் தெரியாது. ஆனால் அந்தப் பில்லிலேயே ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பார்த்தால் கேட்க வேண்டிய கேள்வி கிடைத்துவிடும். ஜூலை 9ஆம் தேதி காலையில் தொடங்கி நாளுக்கு ஒன்று என்றால், 30 மாத்திரையும் ஆகஸ்ட் 7ஆம் தேதி தீர்ந்திருக்க வேண்டும். இவர் வந்திருப்பதோ 21ஆம் தேதி. நடுவில் சரியாக இரண்டு வாரம் கணக்கில் வரவில்லை.

"பதினைந்து நாளுக்கு முன்னாலேயே தீர்ந்திருக்குமே அம்மா. நடுவில் மாத்திரை சாப்பிடாமல் இருந்தாரா?"

"இல்லை அண்ணாச்சி, ஒரு நாளும் விடமாட்டார். கோயில் கொடைக்கு ஊருக்குப் போயிருந்தோம். அங்கே வாங்கினோம்."

அப்படியானால் அவர் கேட்ட "போன தடவை" எங்கள் கடையே இல்லை. அது ஊரில் உள்ள ஒரு மருந்துக்கடை. அந்த 14 நாள் இடைவெளியைக் கவனிக்காமல் பில்லைப் பார்த்து எடுத்துக் கொடுத்திருந்தால் இந்த வாக்கியம் வெளியே வந்திருக்காது. நாட்கணக்குப் போடுவதற்குப் பத்து விநாடி போதும். சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு, வலிப்பு என்று அன்றாடம் சாப்பிடும் எல்லா மருந்துக்கும் இந்தக் கணக்கைப் போடுங்கள். நாட்கள் மிஞ்சினால் அவர் வேளைகளை விட்டிருக்கலாம், அல்லது வேறு இடத்தில் வாங்கியிருக்கலாம். நாட்கள் குறைந்தால், அதாவது தீர வேண்டிய நாளுக்கு முன்பே வந்தால், அதிகமாகச் சாப்பிடுகிறாரா, வீட்டில் இன்னொருவரும் அதையே எடுத்துக்கொள்கிறாரா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாம் படி: நடுவில் என்ன மாறியது

"ஊரில் டாக்டரைப் பார்த்தீர்களா, இல்லை, கடையில் கேட்டு வாங்கினீர்களா?"

"நாத்தனார்தான் டாக்டரிடம் கூட்டிப் போனார். சுகர் கூடியிருக்கிறது என்று வேறு மாத்திரை எழுதினார்கள். அது இன்றைக்குக் காலையோடு தீர்ந்துவிட்டது."

"அதன் பெயர் நினைவிருக்கிறதா? அட்டை கையில் இருக்கிறதா?"

"பெயர் தெரியாது. ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் மஞ்சள். உங்கள் கடை மாத்திரையும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும்."

நிறத்தைச் சொன்னவுடன் ஒரு மாத்திரையை எடுத்துக் காட்டி "இதுவா?" என்று கேட்கவே கூடாது. கேட்டால் பெரும்பாலானவர்கள் "ஆமாம், இதுதான்" என்று சொல்லிவிடுவார்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை. வெள்ளைக் கோட்டுப் போட்டவர் எடுத்துக் காட்டியது சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிறார்கள். இந்த வகைச் சேர்மானங்களில் பல, இரண்டு அடுக்கு மாத்திரைகளாக, ஓர் அடுக்கு வெள்ளையாகவும் மற்றது நிறத்தோடும் வரும். எந்த அளவுக்கு எந்த நிறம் என்பதற்குப் பொது விதி கிடையாது, ஒவ்வொரு நிறுவனமும் தனக்குப் பிடித்த நிறத்தைப் போடுகிறது. ஒரு நிறுவனத்தின் 1 மி.கி. மாத்திரையும் இன்னொரு நிறுவனத்தின் 2 மி.கி. மாத்திரையும் கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கலாம். நிறத்தையும் வடிவத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் "இது அதுவாக இருக்க முடியாது" என்று சந்தேகப்படுவதற்கு மட்டும் அவற்றைப் பயன்படுத்துங்கள், "அதுதான்" என்று முடிவு செய்வதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

அடுத்து நான் கேட்டது நோயாளியைப் பற்றி. மாத்திரையைப் பற்றிய கேள்விகளிலேயே மூழ்கிவிடும்போது இதுதான் விட்டுப்போகிறது.

"புது மாத்திரை சாப்பிட ஆரம்பித்த பிறகு மாமா எப்படி இருக்கிறார்? தலைசுற்றல், நடுக்கம், வேர்வை, திடீர்ப் பசி ஏதாவது?"

அந்தப் பெண் சற்று யோசித்தார். "ஊரில் நன்றாகத்தான் இருந்தார். இங்கே வந்த பிறகு விடியற்காலையில் சட்டை நனைகிற அளவுக்கு வேர்க்கிறது என்கிறார். எழுந்ததும் கை நடுங்குகிறதாம். மும்பைப் புழுக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்."

உடம்பில் சர்க்கரை தாழ்ந்து போவதற்கான அடையாளங்கள் இவைதான்: குளிர்ந்த வேர்வை, நடுக்கம், படபடப்பு, பசி, பேச்சில் தடுமாற்றம். புழுக்கத்தால் வேர்த்திருந்தால் கை நடுங்காது. தவிர, காலையில் ஒரு வேளை மட்டும் மாத்திரை சாப்பிடுபவருக்கு விடியற்காலை நான்கு மணிக்கு இப்படி வருவது எனக்கு உறுத்தியது. அதுவும் ஊரில் இருந்தவரை வராமல், அதே மாத்திரையோடு இங்கே வந்ததும் ஏன் வர வேண்டும்? இங்கே வந்த பிறகு வேறு ஏதோ கூடியிருக்க வேண்டும்.

நான்காம் படி: வீட்டில் இருக்கும் எல்லாவற்றையும் வரவழைத்து எண்ணுங்கள்

"அம்மா, வீட்டில் மாமாவின் மாத்திரை எல்லாம் எதில் வைத்திருக்கிறீர்கள்?"

"ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடக்கும்."

"அந்த டப்பாவை அப்படியே எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். எதையும் பிரித்து எடுக்க வேண்டாம். காலி அட்டைகளும் இருந்தால் இருக்கட்டும்."

பத்து நிமிடத்தில் அவருடைய மகன் டப்பாவோடு வந்தான். அதில் மூன்று பொருள்கள் எனக்குத் தேவைப்பட்டன. முதலாவது, ஊர் மருத்துவரின் சீட்டு, ஜூலை 22ஆம் தேதியிட்டது. கிளிமெபிரைடு 2 மி.கி., மெட்ஃபார்மின் 500 மி.கி. சேர்ந்த மாத்திரை, தினமும் காலை உணவோடு ஒன்று, 30 நாள், பிறகு மீண்டும் வந்து காட்டவும் என்று எழுதியிருந்தது. இரண்டாவது, அந்த மாத்திரையின் காலி அட்டைகள் இரண்டு. நாங்கள் விற்றதற்கும் இதற்கும் வணிகப் பெயர் முற்றிலும் வேறு. மூன்றாவது, எங்கள் கடையில் வாங்கிய எம் ஒன்று, ஓர் அட்டையில் ஆறு மாத்திரை மட்டும் மீதி.

இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். எங்கள் மாத்திரையை அவர் ஜூலை 9 முதல் 22 வரை 14 நாள் சாப்பிட்டார். 23ஆம் தேதி புது மாத்திரை தொடங்கியது. அது ஆகஸ்ட் 21 காலை வரை 30 நாள், 30 மாத்திரை, கணக்குச் சரி. எனில் பழையதில் 16 மாத்திரை மீதம் இருக்க வேண்டும். இருப்பது ஆறு. பத்து மாத்திரை எங்கே போயிற்று?

"நீங்கள் ஊரிலிருந்து என்றைக்குத் திரும்பினீர்கள்?"

"பதினொன்றாம் தேதி."

11ஆம் தேதி இரவு முதல் 20ஆம் தேதி இரவு வரை பத்து இரவுகள்.

"மாமா ராத்திரியில் இந்த அட்டையிலிருந்து ஒன்று சாப்பிடுகிறாரா என்று கைபேசியில் கேளுங்கள், அம்மா. திட்டுவது போல் கேட்க வேண்டாம்."

கேட்டார். பெரியவர் ஆமாம் என்றார். ஊரில் மகள் தன் கையால் மாத்திரை எடுத்துக் கொடுத்ததால் அங்கே தவறு நேரவில்லை. இங்கே வந்ததும் டப்பாவைத் தானே திறந்தார். பெயர் வேறாக இருக்கும் இரண்டு அட்டைகளைப் பார்த்து, ஊர் மருத்துவர் புதிதாக ஒன்றைக் கூடச் சேர்த்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டார். பழையதை நிறுத்தச் சொல்லி யாரும் அவரிடம் சொல்லவில்லை; காசு கொடுத்து வாங்கியதை வீணாக்கவும் அவருக்கு மனம் வரவில்லை. அதனால் காலையில் 2 மி.கி., இரவில் 1 மி.கி. என்று ஒரே மருந்து இரண்டு பெயரில் உள்ளே போயிருக்கிறது. கிளிமெபிரைடின் வேலை ஏறத்தாழ ஒரு நாள் நீடிக்கும் என்பதால்தான் அதை நாளின் முதல் முக்கியமான உணவோடு ஒருமுறை கொடுக்கிறார்கள். இரவில் இரண்டு சப்பாத்தியோடு நிறுத்திக்கொள்ளும் ஒருவர் அதைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால், உணவே இல்லாத நீண்ட இரவு முழுவதும் அது சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும்.

மருத்துவர் மருந்தை மாற்றிய பிறகு பழைய அட்டை வீட்டில் தங்கிவிடுவதுதான் நான் இத்தனை ஆண்டுகளில் அடிக்கடி பார்த்த ஆபத்து. அதை வெளியே கொண்டுவருவது எண்ணிக்கைதான். "மாத்திரையைச் சரியாகச் சாப்பிடுகிறாரா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள், "எத்தனை மீதி இருக்கிறது?" என்ற கேள்விக்கு எண்ணித்தான் பதில் சொல்ல முடியும்.

ஐந்தாம் படி: கொடுப்பதா, நிறுத்துவதா, யாரைக் கேட்பது

இப்போது என் முன் இரண்டு மாத்திரைகள் இருக்கின்றன. பில்லில் இருப்பது 1, சீட்டில் இருப்பது 2. சீட்டு புதியது, எனவே 2 கொடுத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் அந்தச் சீட்டு 30 நாளுக்கு மட்டுமே எழுதப்பட்டது, அந்த 30 நாளும் முடிந்துவிட்டது. மறுபடியும் காட்ட வேண்டும் என்று மருத்துவரே எழுதியிருக்கிறார். மருந்து விதிகள் 1945இன் 65ஆம் விதி, அட்டவணை எச், எச்1, எக்ஸ் ஆகியவற்றில் வரும் மருந்துகளுக்கான சீட்டை, மீண்டும் கொடுக்கலாம் என்று மருத்துவர் எழுதியிருந்தால் ஒழிய ஒருமுறைக்கு மேல் கொடுக்கக் கூடாது என்கிறது. சட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தாலும், விடியற்காலையில் வேர்த்து நடுங்கும் ஒருவருக்கு அதே மருந்தைக் கேள்வி கேட்காமல் எடுத்துக் கொடுப்பது தவறு. அதேபோல், "2 வேண்டாம், 1 சாப்பிடுங்கள்" என்று நானே குறைத்துச் சொல்வதும் என் வேலையில்லை. அளவைத் தீர்மானிப்பது மருத்துவர்; அவர் தீர்மானிப்பதற்குத் தேவையான உண்மைகளைத் திரட்டித் தருவதோடு என் பங்கு முடிகிறது.

நல்ல வேளையாக நேரம் கைவசம் இருந்தது. அடுத்த காலை மாத்திரைக்கு இன்னும் பன்னிரண்டு மணி நேரம் இருக்கிறது. இரவு மாத்திரையைத்தான் உடனடியாகத் தடுக்க வேண்டும். அவர்கள் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் இரண்டு சந்து தள்ளி, இரவு ஒன்பது வரை இருப்பார். அவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். புதியவர்களுக்காக அந்தப் பேச்சை அப்படியே தருகிறேன், ஏனென்றால் மருத்துவரிடம் பேசும்போது கதையாகச் சொல்லத் தொடங்கினால் அவருக்குக் கேட்க நேரமிருக்காது.

"டாக்டர், 68 வயது ஆண், சர்க்கரை நோயாளி. காலையில் கிளிமெபிரைடு 2, மெட்ஃபார்மின் 500. வேறொரு மருத்துவர் ஜூலை 22இல் மாற்றியது. பழைய கிளிமெபிரைடு 1, மெட்ஃபார்மின் 500ஐயும் பத்து நாளாக இரவில் தவறுதலாகச் சேர்த்துச் சாப்பிட்டிருக்கிறார். விடியற்காலையில் வேர்வை, நடுக்கம். இப்போது நினைவு தெளிவாக இருக்கிறார். இன்று இரவு மாத்திரையை நிறுத்தச் சொல்லட்டுமா? உங்களிடம் இப்போதே அனுப்பவா?"

"இரவு மாத்திரையைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். சாப்பிட வைத்து உடனே அழைத்து வரச் சொல்லுங்கள், டப்பாவோடு."

நோயாளியின் வயது, மருந்தின் பெயரும் அளவும், மாறிய தேதி, நேர்ந்த தவறு, தெரியும் அறிகுறி, என் கேள்வி. இந்த வரிசையில் சொன்னால் ஒரு நிமிடத்துக்குள் பதில் கிடைக்கும். முடிந்தவரை மருந்தின் மூலப்பெயரைச் சொல்லுங்கள். வணிகப் பெயரைச் சொன்னால் இதே குழப்பம் மருத்துவருக்கும் வரலாம்.

அந்தப் பெண்ணிடம் கூடுதலாக ஒன்று சொன்னேன். வழியிலோ இரவிலோ மறுபடி வேர்த்து நடுங்கினால், அவர் விழித்திருந்து விழுங்க முடிகிற நிலையில் இருந்தால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும்; 15 நிமிடம் கழித்துப் பார்த்து, சரியாகவில்லை என்றால் மீண்டும் ஒருமுறை கொடுக்க வேண்டும்; சரியான பிறகு பிஸ்கட்டோ சோறோ சாப்பிட வைக்க வேண்டும். வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவி இருந்தால் 70க்குக் கீழே இருப்பதைத் தாழ்நிலை என்று எடுத்துக்கொள்ளலாம். நினைவு மங்கியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். இந்த வகை மாத்திரையால் தாழ்ந்த சர்க்கரை, ஒருமுறை ஏறிய பிறகும் சில மணி நேரத்தில் திரும்ப இறங்கக்கூடும் என்பதால் அன்று இரவு யாராவது அவர் பக்கத்தில் படுத்துக்கொள்ளும்படி சொல்லி அனுப்பினேன்.

எட்டரை மணிக்கு அந்தப் பெண் திரும்பி வந்து சீட்டைக் காட்டினார். மருத்துவர் விரலில் குத்திப் பார்த்துவிட்டு, சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை எழுதி, அந்த முடிவு வரும் வரை பழைய எம் ஒன்றையே காலையில் மட்டும் சாப்பிடச் சொல்லியிருந்தார். டப்பாவில் மீதி இருந்த ஆறு மாத்திரை ஆறு காலைக்குப் போதும். ஏழாம் நாள் முடிவோடு வர வேண்டும். காலாவதித் தேதி தாண்டவில்லை என்று பார்த்து அந்த அட்டையையே கொடுத்தேன். அன்று அந்தக் குடும்பத்துக்கு நாங்கள் எதையும் விற்கவில்லை.

உடனே மறுக்க வேண்டிய "போன தடவை"

"போன தடவை காய்ச்சலுக்கு மூன்று நாள் மாத்திரை கொடுத்தீர்களே, அதே" என்று ஒருவர் கேட்டால் இத்தனை ஆராய்ச்சி தேவையில்லை. அது நுண்ணுயிர்க்கொல்லியாக இருந்தால், சென்ற முறை வந்த காய்ச்சலுக்காக எழுதியது இன்றைய காய்ச்சலுக்குப் பொருந்தாது. புதிய சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. சக்திமிக்க நுண்ணுயிர்க்கொல்லிகள் பலவும் 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த அட்டவணை எச்1இல் வருகின்றன. அவற்றை விற்றால் நோயாளி, மருத்துவர், மருந்து, எண்ணிக்கை எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். தூக்க மாத்திரைக்கும் இதே மறுப்புதான். "அண்ணாச்சி, தெரிந்தவர்தானே நான்" என்று கேட்பவரிடம் கடுமை வேண்டாம். எந்த மருத்துவரிடம் உடனே காட்டலாம் என்று வழி சொல்லி அனுப்புங்கள்.

கடைசிப் படி: அடுத்த "போன தடவை"க்காக

மருந்து கொடுக்கும்போது நாம் செய்யும் இரண்டு வேலைகள் அடுத்த முறை அவர் நிற்கப்போகும் கடைக்கு, அது நம் கடையாக இல்லாவிட்டாலும், விடை சொல்லும். முதலாவது, சீட்டில் மருத்துவரின் கையெழுத்துக்கு மேலே கடையின் பெயர், முகவரி, கொடுத்த தேதி ஆகியவற்றைக் குறிப்பது. இதையும் அதே 65ஆம் விதிதான் கேட்கிறது. பலர் முத்திரையை எங்காவது ஓர் ஓரத்தில் குத்திவிட்டுத் தேதியை விட்டுவிடுகிறார்கள். தேதி இருந்தால் அடுத்தவர் நாட்கணக்குப் போட முடியும்.

இரண்டாவது, அட்டையை வெட்டும் விதம். எங்கள் பகுதியில் கூலி கிடைத்த அன்று ஐந்து மாத்திரை, அடுத்த வாரம் ஐந்து மாத்திரை என்று வாங்குபவர்கள் அதிகம். அட்டையில் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் பெரும்பாலும் ஒரு முனையில்தான் அச்சாகியிருக்கும். அந்த முனை கடைசிவரை கடையில் இருக்கும்படி எதிர்முனையிலிருந்து வெட்டுங்கள். வாடிக்கையாளர் கைக்குப் போகும் துண்டில் மருந்தின் பெயரும் அளவு எண்ணும் முழுதாகத் தெரிகிறதா என்று பாருங்கள். பெயர் பாதியில் அறுந்து, பின்னால் நிற்கும் 1 அல்லது 2 போய்விட்டிருந்தால், துண்டை ஒரு சிறிய காகித உறையில் போட்டு, மருந்தின் பெயர், அளவு, காலாவதித் தேதி, யாருக்கு, எந்த வேளைக்கு என்று தமிழில் எழுதிக் கொடுங்கள். மருந்து மாறியிருக்கிற நாளில் இன்னும் ஒரு வரி சேர்க்க வேண்டும். அந்தப் பெரியவரின் உறையில் நான் எழுதியது இதுதான்: "காலையில் மட்டும், சாப்பாட்டோடு ஒன்று. ஊரில் வாங்கியது நிறுத்தப்பட்டது."